ஆயிரம் மணி நேரம் யார் கணக்கில்

என் கணக்கில் தப்பு இருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தக் காலத்தில் எனக்குக் காது மடல் சூடாகிவிடும். சொன்னவர் முதலாளியா, டீ கொண்டு வருபவரா என்றெல்லாம் பார்க்க மாட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "எங்கே தப்பு, காட்டுங்கள்" என்று நிற்பேன். இந்தக் குணத்தால் நான் இழந்தது பெரிதாக ஒன்றுமில்லை. மற்றவர்கள் இழந்ததைத்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது.

எண்பதுகளின் முற்பகுதி. ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட்டில் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனி. முன்பு அது நெல் கிடங்காக இருந்தது என்பார்கள். வெயில் காலத்தில் உள்ளே நின்றால் அரிசியே வெந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். காஸ்ட் அக்கவுண்டன்ஸி பரீட்சையில் முதல் கட்டம் தேறியிருந்தேன். அங்கே எனக்குக் காஸ்ட் கிளார்க் வேலை. பூந்தமல்லியிலிருந்து பஸ். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை நெடுக ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் பளபளக்க, நான் மடியில் பரீட்சைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாய்க்குள் சூத்திரம் முணுமுணுத்துக்கொண்டு போவேன். பக்கத்தில் உட்காருபவர்கள் ஸ்லோகம் சொல்வதாக நினைத்து மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்கள்.

சூத்திரம் ஒன்றும் மந்திரமில்லை. ஒரு சட்டையை, காலர் முதல் கஃப் வரை எல்லா வேலையும் சேர்த்து, கைதேர்ந்த தையல்காரர்கள் தைத்தால் நாற்பத்தைந்து நிமிடம் ஆகவேண்டும் என்று கம்பெனி முன்கூட்டியே அளந்து வைத்திருக்கிறது. மணிக்கு இரண்டு ரூபாய் கூலி என்றும் வைத்திருக்கிறது. ஆக, சட்டைக்குத் தையல் கூலி ஒன்றரை ரூபாய். இதுதான் நியமச் செலவு. இப்படித்தான் ஆகவேண்டும் என்று நாமே கிழித்த கோடு. மாதம் முடிந்ததும் நிஜத்தில் எவ்வளவு ஆனது என்று பார்க்க வேண்டும். வித்தியாசம் வந்தால் அது இரண்டு வழியாகத்தான் வந்திருக்க முடியும். ஒரு மணிக்குக் கொடுத்த கூலி கூடக் குறைய இருந்திருக்கலாம், அது கூலி விகித மாறுபாடு. வேலைக்கு எடுத்துக்கொண்ட நேரம் கூடக் குறைய இருந்திருக்கலாம், அது உழைப்புத் திறன் மாறுபாடு. செலவு குறைந்தால் சாதகம், கூடினால் பாதகம். இதை ஒரு தாளில் இரண்டு வரியாக எழுதி முதலாளி மேஜையில் வைப்பது என் வேலை.

எங்கள் பர்சனல் ஆபீசர், அதாவது ஆள் எடுப்பவர், இனிமையாகப் பேசுகிற மனிதர். கோபமே வராது. கோபம் வராதவர்களைக் கண்டால் எனக்கு அப்போதெல்லாம் ஒரு சந்தேகம் உண்டு. ஒரு மாதம் அவர், வேலை தெரிந்த பதினான்கு பேர் கல்யாணம், பிரசவம், வேறு கம்பெனி என்று நின்றுவிட்ட இடத்தில், சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து பதினான்கு புதுப் பெண்களை டிரெய்னியாக எடுத்தார். வேலை தெரிந்தவர்களுக்கு நாளுக்குப் பதினாறு ரூபாய். டிரெய்னிகளுக்குப் பத்து. எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் மணிக்கு ஒன்றேகால் ரூபாய் விழும். மாதக் கடைசியில் யாருடைய வேலை நியமத்தில் எண்பது சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதோ அந்த டிரெய்னி வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை.

தையல் மெஷின்கள் வரிசையாகப் போட்ட அந்த லைனுக்கு சூப்பர்வைசர் மண்ணூரைச் சேர்ந்த ஒரு அம்மா. முப்பத்தைந்து வயதிருக்கும். மெஷினில் உட்கார்ந்து தைத்துத் தைத்தே சூப்பர்வைசராக வந்தவர். லைனில் எல்லோருக்கும் அக்கா. எனக்கு அவர் சூப்பர்வைசரம்மா, அவருக்கு நான் சார். பத்து வயது சின்னவனாக இருந்தாலும் டையும் பேனாவும் இருந்ததால் சார்.

அந்த மாதம் எட்டாயிரம் சட்டை. ஒரு சட்டைக்கு முக்கால் மணி என்றால் ஆறாயிரம் மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டும். ஆட்கள் வந்து போகும் நேரம் குறிக்கும் டைம் ஆபீஸ் புத்தகப்படி கூலி கொடுத்தது ஏழாயிரம் மணிக்கு: முப்பத்தைந்து பேர், இருபத்தைந்து நாள், எட்டு மணி நேரம். கொடுத்த கூலி பதினோராயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய். பாதிக்கு மேல் பதினாறு ரூபாய்க்காரர்கள், மீதி பத்து ரூபாய்க்காரர்கள் என்பதால் சராசரி மணிக்கு ஒன்று எழுபது ஆகியிருந்தது.

கணக்குப் போட்டேன். இரண்டு ரூபாய் கொடுக்க வேண்டிய இடத்தில் ஒன்று எழுபது. மணிக்கு முப்பது காசு மிச்சம். ஏழாயிரம் மணிக்கு இரண்டாயிரத்து நூறு ரூபாய் சாதகம். ஆறாயிரம் மணியில் முடிய வேண்டியது ஏழாயிரம் ஆனது; கூடுதல் ஆயிரம் மணி, நியமக் கூலி இரண்டு ரூபாய் வீதம் இரண்டாயிரம் ரூபாய் பாதகம். இரண்டையும் கழித்தால் கம்பெனிக்கு நூறு ரூபாய் மிச்சம். மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றும். பிரித்துப் பார்ப்பதுதான் இந்தச் சாஸ்திரத்தின் அழகு என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். கூலி வரிக்கு எதிரே பொறுப்பு என்ற கட்டத்தில் 'பர்சனல்' என்று எழுதினேன். நேர வரிக்கு எதிரே 'லைன் சூப்பர்வைசர்' என்று எழுதினேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

முதலாளி சென்னையிலிருந்து அம்பாசிடரில் வருவார். அந்த மாதம் அவர் கடுகடுப்பாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. இருபத்திரண்டு நாளில் முடிய வேண்டிய ஆர்டர் இருபத்தைந்து நாள் இழுத்துவிட்டது. கப்பலைத் தவறவிட்டு, கடைசிச் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தச் செலவு என் தாளில் எங்கும் வராது. என் தாளில் வந்தது ஒரு பாதகம், அதற்கு எதிரே ஒரு பெயர். மூழ்குகிறவனுக்குக் கட்டை கிடைத்த மாதிரி அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஆயிரம் மணி நேரம் அந்தம்மா இன்னா பண்ணிக்கினு இருந்தாங்க?" என்றார். "ஆள கொறஞ்ச ரேட்டுக்குப் புடிச்சுக் குடுத்திருக்காரு நம்ம பர்சனல் ஆபீசரு. அத வச்சு ஓட்டத் தெரியல. வர்ற திங்கக்கெழம மீட்டிங். வெளக்கம் சரியில்லன்னா அவங்க மறுபடியும் மெஷினுக்குப் போவட்டும். மெட்ராஸ்லேந்து வேற சூப்பர்வைசர் கொண்டாந்துக்கலாம்."

சும்மா சொல்லக்கூடாது, எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஒரு கட்டத்தில் இரண்டு வார்த்தை எழுதினேன், அது போய் ஒருத்தர் பதவியில் உட்கார்ந்துவிட்டது. லைனுக்குப் போய் அந்த அம்மாவிடம் தாளைக் காட்டினேன். அவர் காலர் மெஷின் ஒன்றில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுக்கொண்டார்.

"ஏழாயிரம்னு எங்கேந்து வந்துச்சு சார்?"

"டைம் ஆபீஸ் புத்தகத்திலிருந்து."

"கரண்ட் போனப்பல்லாம் கைய கட்டிக்கினு உக்காந்திருந்தமே, அதுவும் அதுலதான கீது? அதயும் எங்க தலையில கட்டிட்டீங்களா?"

காது மடல் சூடேற ஆரம்பித்தது. ஆனால் அவர் சொன்னது சரி. எங்களிடம் ஜெனரேட்டர் கிடையாது. மாதத்தில் மொத்தம் பத்து மணி நேரம் மின்சாரம் இல்லை என்று வாட்ச்மேன் நோட்டில் தேதி வாரியாக இருந்தது. பத்து மணி, முப்பத்தைந்து பேர்: முந்நூற்றைம்பது மணி. மெஷின் ஓடாத நேரத்துக்குக் கூலி கொடுத்திருக்கிறோம். அது வீண் நேரம். அதைத் தனி வரியாக எழுநூறு ரூபாய் என்று காட்ட வேண்டும். மீதி அறுநூற்றைம்பது மணி, ஆயிரத்து முந்நூறு ரூபாய் மட்டுமே வேலைத் திறன் குறைந்ததால் வந்தது. பரீட்சையில் இந்தக் கேள்வியை இரண்டு முறை எழுதியவன் நான். கேள்வித்தாளில் 'வீண் நேரம் இவ்வளவு' என்று அச்சடித்தே கொடுத்துவிடுவார்கள். இங்கே யாரும் அச்சடித்துக் கொடுக்கவில்லை.

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "சரி, திருத்துகிறேன்" என்று முறுக்கிக்கொண்டே சொன்னேன். "அந்த அறுநூற்றைம்பது மணி?"

"புதுசா வந்த பொண்ணுங்க சார். பவர் மெஷின காலால தொட்டா பிச்சிக்கினு போவுதுன்னு பயந்துச்சுங்க. மொத வாரம் தெச்சத விட பிரிச்சதுதான் ஜாஸ்தி. இதுல இன்னா கேள்வி?"

கேள்வி இருந்தது. பர்சனல் ஆபீசர் ஏற்கெனவே ஒரு தாள் தயாரித்து வைத்திருந்தார். எங்கள் லைனில் துணி கட்டுக் கட்டாக வரும். ஒவ்வொரு கட்டிலும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னக் கூப்பன் தைத்திருக்கும். அந்த வேலையை முடித்தவர் கூப்பனைக் கிழித்துத் தன் பெயர் எழுதிய அட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் அட்டையைப் பார்த்தால் யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று தெரிந்துவிடும். அவர் பார்த்திருந்தார். பதினான்கு டிரெய்னிகளும் தொண்ணூறு சதவீதம். பழைய ஆட்கள் இருபத்தொரு பேரும் அதே தொண்ணூறு. 'நான் எடுத்த பெண்கள் முதல் மாதமே இவ்வளவு செய்கிறார்கள். பதினாறு ரூபாய் வாங்குகிறவர்கள்தான் தூங்குகிறார்கள், அவர்களை மேய்ப்பது யார்' என்பது அவர் கட்சி.

முப்பத்தைந்து பேரும் தொண்ணூறு என்றதும் எனக்கு நெருடியது. கணக்குப் பார்க்கிறவனுக்கு இதில் ஒரு மோப்பம் உண்டு. மனுஷன் கை அப்படி ஒரே மாதிரி ஓடாது. சாயங்காலம் ஷிப்ட் முடிகிற நேரத்தில் லைன் ஓரமாக ஏதோ ரிஜிஸ்டர் பார்ப்பதுபோல் நின்றேன். பெண்கள் பசைக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து அட்டையில் கூப்பன் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டைக்குக் கை வைத்துத் தைக்கிற வேலையில் இருந்த ஒரு பழைய ஆள், தன் கூப்பன்களிலிருந்து ஏழெட்டை எண்ணி, பக்கத்து டிரெய்னியின் அட்டையில் தானே ஒட்டிவிட்டார். அடுத்த மேஜையிலும் அதே. யாரும் மறைக்கவில்லை. தலைக்குப் பூ வைத்துவிடுவதுபோல் சாதாரணமாகச் செய்தார்கள்.

சூப்பர்வைசரம்மா என்னைப் பார்த்துவிட்டார். வெளியே தண்ணீர்த் தொட்டியருகே கூட்டிக்கொண்டு போனார்.

"பாத்துட்டீங்க. இத உங்க தாள்ல ஏத்தாதீங்க சார். இங்க எல்லாரும் இப்பிடித்தான் உள்ள வந்தது. நான் வந்தப்ப எனக்கும் ஒட்டிக் குடுத்தாங்க. கை பழகற வரிக்கும்தான். அப்பறம் யாரும் யார்கிட்டயும் வாங்கறதில்ல."

"அதனால் உங்கள் பழைய ஆட்கள் சோம்பேறிகள் என்று ஆகிறது அம்மா. உங்கள் பதவி போகும்."

"மெஷின்லேந்து வந்தவதான, மறுபடியும் மெஷின்ல உக்காந்துக்கறேன். இதுங்களுக்கு எண்பது வரலன்னா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. இன்னும் கொஞ்ச நாளுதான் சார். நீங்க பேசாம இருந்தா போதும்."

சரி என்றுதான் தலையாட்டினேன். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது அந்த அம்மாமேல் எனக்கு எரிச்சல்தான் வந்தது. உண்மை கையில் இருக்கிறது, அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளாமல் இதென்ன தியாகம் என்று. ஒட்டிக் கொடுத்த கூப்பனைத் திரும்ப அவரவர் அட்டையில் வைத்துப் பார்த்தால் பழைய ஆட்கள் நூற்றுக்கு நூறு. டிரெய்னிகள் முக்கால் பங்குதான். அறுநூற்றைம்பது மணியும் புதியவர்கள் கையில் போனது. அப்படியானால் கூலியில் வந்த சாதகமும் நேரத்தில் வந்த பாதகமும் ஒரே முடிவின் இரண்டு பக்கம். ஆள் எடுத்தவர் மிச்சத்தைத் தன் பெயரில் போட்டுக்கொண்டு நஷ்டத்தை இந்த அம்மா பெயரில் தள்ளியிருக்கிறார். தள்ளிக் கொடுத்தது என் தாள்.

திங்கட்கிழமை மீட்டிங்குக்கு ஒழுங்காகத்தான் தயாராகிப் போனேன். கூப்பனைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று முடிவு. மின்வெட்டைத் தனி வரியாகப் பிரித்துக் காட்டினேன். முதலாளி உதட்டைப் பிதுக்கி ஒப்புக்கொண்டார். பிறகு, "பத்து ரூபாய் ஆளையும் பதினாறு ரூபாய் ஆளையும் கலந்தால் நேரம் கூடத்தான் செய்யும். கூலியையும் நேரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பொறுப்பை இரண்டு பேருக்குப் பிரித்தது என் தவறு" என்றேன். நான் தவறு என்று சொன்னது அந்தக் கம்பெனியில் அதுதான் முதல் தடவை. சூப்பர்வைசரம்மா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

பர்சனல் ஆபீசர் புன்னகை மாறாமல் தன் தாளை நகர்த்தினார். "தம்பி பரீட்சைக்குப் படிக்கிறார், பாவம். புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிறார். நம் அட்டையில் அப்படி இல்லையே சார். டிரெய்னி தொண்ணூறு, பழைய ஆள் தொண்ணூறு. டிரெய்னியால் நேரம் கூடியது என்று தம்பி கணக்குப் போட்டது தப்பு."

தப்பு என்ற சொல் அறையில் விழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததற்கு என்னால் யார் மேலும் பழி போட முடியாது. அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார், வேண்டாம் என்பதுபோல். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.

"அட்டைதான் சார் தப்பு. என் கணக்கு சரி. பழைய ஆட்கள் தங்கள் கூப்பனை இந்தப் பெண்களின் அட்டையில் ஒட்டுகிறார்கள். என் கண்ணால் பார்த்தேன்."

முதலாளி சூப்பர்வைசரம்மாவைப் பார்த்துக் கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. "ஆமா சார்" என்று மட்டும் சொன்னார்.

என் கணக்கு வென்றது. சூப்பர்வைசரம்மாவின் வேலை தப்பியது. பர்சனல் ஆபீசர் முகத்திலிருந்து புன்னகை போனதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் குஷியாகக்கூட இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பழைய ஆட்களுக்கு எச்சரிக்கைக் கடிதம். டிரெய்னிகள் பதினான்கு பேரையும், பொய் அட்டை வைத்திருந்தார்கள் என்று அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். மத்தியான சாப்பாட்டுக்கு முன்பே அவர்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி வெயிலில் போனார்கள். படப்பைப் பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் ஒரே குடைக்குள் நெருக்கியடித்துப் போனது என் ஜன்னலில் தெரிந்தது.

இனி மாதா மாதம் வேண்டாம், வாரா வாரம் தாள் வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார். ஒப்பிட்டுப் பார்க்கப் போன மாதத்துக் கணக்கும் வார வாரியாக வேண்டுமே என்று, பழைய உற்பத்திச் சீட்டுகளைக் கட்டவிழ்த்து உட்கார்ந்தேன். மின்வெட்டைக் கழித்துவிட்டு, ஓடிய நேரத்துக்கும் ஆகியிருக்க வேண்டிய நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிக்கொண்டு போனேன். முதல் வாரம் ஆயிரத்து அறுநூறு சட்டை, கூடுதலாக எடுத்தது முந்நூற்று எழுபத்தைந்து மணி. இரண்டாம் வாரம் நூற்றுத் தொண்ணூற்றைந்து. மூன்றாம் வாரம் அறுபத்தைந்து. நான்காம் வாரம் இரண்டாயிரத்து ஐந்நூறு சட்டை. கூடுதலாக எடுத்தது பதினைந்து மணி.

பதினைந்து என்பதை மறுபடி கூட்டிப் பார்த்தேன். தப்பில்லை. முப்பத்தைந்து பேர், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, ஏழு நாள் வேலை செய்ததில் பதினைந்து மணி. அந்தப் பெண்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். நான் அந்தப் பசைக் கிண்ணத்தருகே நின்றபோது அவர்களுக்குக் கூப்பன் ஒட்டிக் கொடுக்க வேண்டிய தேவையே ஏறக்குறையத் தீர்ந்திருந்தது, பழக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். 'இன்னும் கொஞ்ச நாள்தான்' என்று அந்த அம்மா சொன்னது கெஞ்சல் இல்லை, தகவல். நான்காம் வாரத்தை மட்டும் எடுத்தால், மின்வெட்டையும் சேர்த்துக்கொண்டே, கம்பெனிக்கு நியமத்தைவிட நானூற்றுப் பதினெட்டு ரூபாய் மிச்சம். மீட்டிங்கில் இந்த நாலு வரியை வைத்திருந்தால் போதும். கூப்பனைப் பற்றி யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். சூப்பர்வைசரும் தப்பியிருப்பார், பதினான்கு பேரும் இருந்திருப்பார்கள். சீட்டுகள் என் மேஜையிலேயே, என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. மாதத்தை மொத்தமாகப் பார்த்து இரண்டாகப் பிரித்ததோடு எனக்குத் திருப்தியாகிவிட்டது.

இன்னொன்றும் அன்றுதான் உறைத்தது. அந்த இரண்டாயிரத்து நூறு ரூபாய் சாதகம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் பெருக்கிப் பார்த்தேன். பதினான்கு பெண்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு ரூபாய் குறைவு, இருபத்தைந்து நாள். சரியாக இரண்டாயிரத்து நூறு. யாருக்குச் சாதகம் என்று எழுத என் தாளில் கட்டம் இல்லை.

முதலாளியிடம் வாரக் கணக்கைக் கொண்டுபோனேன். கவனமாகப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை.

"நாலு வாரத்துல புடிச்சுக்கறாங்கன்னு சொல்றீங்க. நல்ல விஷயம் தம்பி. இனிமே புது ஆள் எடுத்தா மொத நாலு வாரத்துக்குத் தனி ஸ்டாண்டர்டு போட்டுடுங்க. மொத வாரம் இவ்ளோ, ரெண்டாவது வாரம் இவ்ளோன்னு."

"அந்தப் பெண்களையே திரும்பக் கூப்பிடலாம் சார். கற்றுக்கொண்டவர்கள்."

"அட்டையில பொய் எழுதினவங்கள உள்ள வுட்டா நாளைக்கு எல்லாரும் எழுதுவாங்க. அது வேணாம்."

அடுத்த மாதமே புதிதாகப் பதினான்கு பேர் வந்தார்கள். அதே பத்து ரூபாய். முதல் வாரம் அவர்களும் முந்நூற்றுச் சொச்சம் மணி கூடுதலாக எடுத்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் தாளில் இப்போது அதற்கு இடம் விட்டிருந்தது. போனவர்கள் தைத்த நாலு வாரத்தை அளந்துதான் வந்தவர்களுக்கு அளவுகோல் செய்தேன். முதலாளி அதைப் பார்த்து எனக்குச் சம்பளத்தில் ஐம்பது ரூபாய் கூட்டினார். வாங்கிக்கொண்டேன்.

சூப்பர்வைசரம்மா அதற்குப் பிறகு என்னோடு வேலைக்கு வேண்டியதைத் தவிரப் பேசவில்லை. சண்டை இல்லை. உற்பத்திச் சீட்டை மேஜையில் வைப்பார், போய்விடுவார். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் சீட்டை வைத்துவிட்டு நின்றார்.

"அந்த வாரக் கணக்குப் போட்டீங்களாமே சார். பதினாலு பேரும் வேல கத்துக்கிச்சுங்கன்னு அதுல கீதாமே."

"ஆமாம்மா."

"அத ஒரு சீட்டுல எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ரெண்டு பொண்ணு செங்கல் சூளைக்குப் போய்க்கினு இருக்குதுங்க. கிண்டிப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில ஆள் எடுக்கறாங்க. எங்க வேல பாத்தேன்னு கேட்டா காட்ட ஒண்ணும் இல்ல. இந்தப் பொண்ணுக்கு நல்லா தைக்க வரும்னு நீங்க எழுதினா போதும்."

நிறுத்தப்பட்டவர்களுக்குக் கம்பெனி எந்தச் சான்றும் தராது என்று எனக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "அதற்கு எனக்கு அதிகாரம் இல்லையேம்மா" என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை.

"அன்னிக்கி மீட்டிங்குல பேசறதுக்கு யார்கிட்ட சார் அதிகாரம் வாங்கினீங்க?"

நான் அவர் வைத்த உற்பத்திச் சீட்டை எடுத்துக் கூட்டல் பார்க்க ஆரம்பித்தேன். அவர் லைனுக்குப் போய்விட்டார். அவர் கேட்ட சீட்டை நான் எழுதிக் கொடுக்கவே இல்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.